கடன் வாங்கியவர் இறந்தால் கடனை யார் கட்டவேண்டும்?

பயிர்க்கடன் வாங்கிய விவசாயி கடன் தீருமுன் இறந்துவிட்டால், கருமாதி முடிவதற்குள் கடன்காரர்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறார்கள். 'அப்பன் கடன் பிள்ளை தலையில்' என்று ஊரார் சொல்லுகிறார்கள். பிள்ளைகளும் பயந்துபோய், கேட்ட இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். சட்டம் என்ன சொல்லுகிறது என்பதை அறிந்துகொண்டால் இந்தப் பயத்திற்கு இடமில்லை.

பொறுப்பு எதுவரை?

கடன் வாங்கியவர் இறந்ததால் கடன் அழிந்துவிடுவதில்லை. அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து அதை அடைக்கவேண்டும். அந்தச் சொத்தைப் பெற்ற வாரிசுகள், பெற்ற அளவுக்கு மட்டுமே பொறுப்பாவார்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 50ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்லுகிறது. மகன் சொந்தமாகச் சம்பாதித்து வாங்கிய நிலம், மகளின் சம்பளம், மனைவியின் சீதன நகை ஆகியவற்றின்மேல் அந்தக் கடனுக்காகக் கைவைக்க முடியாது. ஆனால் வாரிசு, தந்தையின் சொத்தை விற்றுச் செலவழித்துவிட்டு, அதற்குச் சரியான கணக்குக் காட்டமுடியாமல் போனால், அந்தத் தொகைக்குத் தாமே பொறுப்பாவார்.

முன்பு இந்துக்களிடையே தந்தையின் கடனைத் தீர்ப்பது மகனின் சமயக் கடமை என்ற விதி இருந்தது. 2005ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் தேதிக்குப் பின் வாங்கிய கடன்களுக்கு, அந்தக் கடமையை மட்டும் காரணமாகக் காட்டி மகன்மேல் வழக்குத் தொடர முடியாதென்று வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் கூறிவிட்டது.

அடமானக் கடன் மட்டும் வேறுவிதம். நிலத்தை அடமானம் வைத்திருந்தால், நிலம் யார் கைக்குப் போனாலும் கடன் அதனுடனேயே போகும். நகைக்கடனும் அப்படியே. வாரிசுகள் அசலும் வட்டியும் கட்டி நகையை மீட்டுக்கொள்ளலாம். மீட்காவிட்டால் நகை ஏலம் போகும். ஏலத்தில் கடன் போக மீதமிருந்தால் அது வாரிசுகளுக்கு உரியது. அதைக் கேட்டு வாங்கவேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

குத்தகை நிலத்தில் நிலக்கடலை பயிரிட்ட ஒரு விவசாயி இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். சொந்த நிலம் இல்லை. கூட்டுறவுச் சங்கத்தில் அவர் பெயரில் வட்டியுடன் 1,30,000 ரூபாய் பயிர்க்கடன் நிற்கிறது. பக்கத்துக் காட்டுக்காரர் ஜாமீன் போட்டிருக்கிறார். இறந்தவரின் சேமிப்புக் கணக்கில் 18,000 ரூபாய் இருக்கிறது. அறுவடையான கடலை 40,000 ரூபாய்க்கு விலை போனது. அவருடைய பழைய மோட்டார் சைக்கிள் 22,000 ரூபாய் பெறும். ஆக, அவர் விட்டுச்சென்றது 80,000 ரூபாய். மனைவியும், திருப்பூரில் வேலை பார்க்கும் மகனும், திருமணமான மகளும் வாரிசுகள்.

இவர்கள் மூவரும் சேர்ந்து 80,000 ரூபாய்க்குத்தான் பொறுப்பு. மீதி 50,000 ரூபாயை மகனின் கூலியிலிருந்து கேட்கச் சட்டத்தில் வழியில்லை.

ஜாமீன்தாரரின் நிலை

அப்படியானால் அந்த 50,000 ரூபாய் யார் தலையில் விழும்? ஜாமீன் போட்டவர் தலையில்தான். ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவுப்படி, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன்காரரின் பொறுப்புக்குச் சமமானது. கடன் வாங்கியவர் இறந்ததால் அது நீங்காது. வாரிசுகளிடம் கேட்டுவிட்டுத்தான் ஜாமீன்தாரரிடம் வரவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சங்கம் நேரே அவரிடம் 1,30,000 ரூபாயையும் கேட்கலாம்.

அவர் முழுவதையும் கட்டிவிட்டால் சங்கத்திற்கு இருந்த உரிமை அவருக்கு வந்துவிடும். அந்த உரிமையைக் கொண்டு இறந்தவரின் சொத்திலிருந்து 80,000 ரூபாயைத் திரும்பப் பெறலாம். மீதி 50,000 அவருக்கு நட்டந்தான். ஆகவே ஜாமீன் போட்டவர், இறப்புச் செய்தி தெரிந்தவுடனே சங்கத்திற்குச் சென்று பாக்கி எவ்வளவு என்று எழுத்தில் கேட்டுப் பெறவேண்டும். வட்டி நின்றுவிடுவதில்லை. தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் அவர் சுமையே கூடும்.

கூட்டாகக் கடன் பத்திரத்தில் கையெழுத்திட்ட மனைவியோ மகனோ இருந்தால், அவர்கள் வெறும் வாரிசுகள் அல்லர். அவர்களே கடன்காரர்கள். 80,000 என்ற எல்லை அவர்களுக்குப் பொருந்தாது.

பெரிய தவறு நேரும் இடம்

மேலே சொன்ன மகனிடம் ஒருவர் வந்து, 'அப்பா கடனை முடித்து உன் பெயரில் புதுக்கடனாக மாற்றிக்கொள்ளலாம், ஒரு கையெழுத்துப் போதும்' என்று சொல்லக்கூடும். கையில் பணம் கட்டவேண்டாம் என்பதால் இது எளிதாகத் தோன்றும். ஆனால் கையெழுத்திட்ட அந்த நிமிடத்தில் தந்தையின் கடன் முடிந்து, 1,30,000 ரூபாயும் மகனின் சொந்தக் கடனாகிவிடுகிறது. அதன்பின் அவருடைய சம்பாத்தியமும் சொத்தும் அதற்குப் பொறுப்பு. தனியாரிடம் தந்தை எழுதிக்கொடுத்த புரோநோட்டைக் கிழித்துவிட்டு மகன் பெயரில் புதுநோட்டு எழுதும் வழக்கத்திலும் இதே ஆபத்து உண்டு.

பக்கத்துக் காட்டுக்காரர் நட்டப்படக்கூடாது என்று மகன் நினைத்தால், மீதி 50,000 ரூபாயைத் தவணையில் கட்ட முன்வரலாம். அது அவர் விருப்பம். அப்போதும் புதுக்கடன் எடுக்காமல், தந்தையின் கடன் கணக்கிலேயே கட்டி ரசீது பெறுவதே சரி. எழுதிக்கொடுக்கும் கடிதம் எதுவானாலும், 'இறந்தவரின் வாரிசு என்ற முறையில், அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்கு மட்டும்' என்ற சொற்கள் அதில் இருக்கவேண்டும்.

செய்யவேண்டிய முறை

முதலில் இறப்பைப் பதிவுசெய்து சான்றிதழ் பெறவேண்டும். 21 நாட்களுக்குள் பதிந்தால் தாமதக் கட்டணம் இல்லை. அடுத்து வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கவேண்டும். இரண்டின் நகலையும் வைத்து, கடன் கொடுத்த இடத்திற்கு இறப்பை எழுத்தில் தெரிவித்து, கடன் கணக்கின் முழு விவரத்தையும், கடன் பத்திரங்களின் நகலையும் கேட்கவேண்டும்.

அதே நேரத்தில் இறந்தவரின் வங்கிப் புத்தகத்தை எடுத்துப் பார்க்கவேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை 436 ரூபாய் பிடித்தம் செய்யப்பட்டிருந்தால், அவர் பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டில் சேர்ந்திருக்கிறார் என்று பொருள். 2022 ஜூன் முதல் இதுவே அதன் முழு ஆண்டுப் பிரீமியம். அந்தக் காப்பீடு நடப்பில் இருக்கையில், 55 வயதிற்குள் இறந்திருந்தால், அவர் பெயர் கொடுத்திருக்கும் நியமனதாரருக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். கேட்காமல் வராது. வங்கிக் கிளையில் விண்ணப்பிக்கவேண்டும். கடனுடன் சேர்த்து வேறு காப்பீடு எடுக்கப்பட்டதா என்பதையும் அங்கேயே கேட்டறியலாம்.

நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்தால் அதை வாங்காமல் விடக்கூடாது. குறித்த நாளில் ஆஜராகி, தந்தை விட்டுச்சென்றது இவ்வளவுதான் என்று கணக்குடன் சொல்லவேண்டும். அதற்காக, அவருடைய பொருள்களில் எதை எவ்வளவுக்கு விற்றோம், அந்தப் பணத்தில் எந்தக் கடனுக்கு எவ்வளவு கட்டினோம் என்று முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டில் எழுதி, ரசீதுகளையும் அதனுடன் வைத்திருப்பது நல்லது.

கடன் முழுதும் தீர்ந்தபின் பாக்கியில்லாச் சான்று வாங்கவேண்டும். நிலம் அடமானத்தில் இருந்திருந்தால், அடமான ரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவுசெய்து, வில்லங்கச் சான்றில் அது ஏறியிருக்கிறதா என்று பார்த்தபிறகே கணக்கு முடிந்ததாகக் கொள்ளவேண்டும்.