நாளை மாற்றிக் கேட்கும் பேச்சு



1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு கற்பிட்டிப் பக்கம் வந்த குடும்பங்களில் பலர் முன்பு சொந்தக் காணியில் பயிர் செய்தவர்கள். அங்கே ஒரு வேலையை மறுநாளுக்குத் தள்ள யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பிறருக்கு வேலை செய்யும்போது கேட்கத்தான் வேண்டும். கேட்கும் விதமோ ஆளுக்கு ஆள் மாறுகிறது.

எத்தாளையில் ஒருவரை எண்ணிக்கொள்வோம். சனிக்கிழமை காலை அவர் ஒரு தோட்டத்தில் வெங்காயம் கிண்ட வேண்டும். பின்னேரம் நண்பனின் வேலியை அடைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, பாதிப் பணம் வாங்கிய 200 கிடுகைக் கொடுக்க வேண்டும். வெள்ளி மாலை மகனுக்குக் கடும் காய்ச்சல். சனிக்கிழமை புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும்.

நண்பனிடம், “மச்சான், சின்னவனுக்குக் காய்ச்சல். நாளைக்கு வரமாட்டன்டா. திங்கள் பின்னேரம் அடைப்பம்” என்றால் போதும். ‘அடைப்பம்’ என்பதில் அவனும் சேர்ந்திருக்கிறான். இங்கே “தயவுசெய்து மன்னிக்க வேணும்” என்று தொடங்கினால், தான் என்ன பிழை விட்டோம் என்று அவன் யோசிப்பான்.

அதே ‘வரமாட்டன்’ தோட்ட முகாமையாளரின் காதில் நாமே முடிவெடுத்துவிட்டது போல விழும். ‘திங்கள் வைப்பம்’ என்பதும் அப்படித்தான், முடிவு அவருடையது. “ஐயா, மகனுக்குக் கடும் காய்ச்சல், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேணும். நாளைக்கு ஒரு நாள் லீவு தரலாமா? எனக்குப் பதிலாக மச்சினனை அனுப்பட்டா?” என்று கேட்கலாம். சொற்களைவிட இங்கே நேரம் பெரிது. வெள்ளி இரவே சொன்னால் அவர் வேறு ஆள் பிடிப்பார். காலையில் ஆட்களைப் பிரித்து விட்டபின் எவ்வளவு பணிவாகச் சொன்னாலும் கோபம்தான் வரும்.

பணம் தந்தவரிடம் காரணத்தை நீட்டத் தேவையில்லை. கூரை வேய அவர் ஆள் பேசியிருப்பார். அவருக்கு வேண்டியது கணக்கு. 120 கிடுகு பின்னியாயிற்று, ஒரு நாளைக்கு 40 பின்னலாம் என்றால், மிச்சம் 80க்கும் திங்களும் செவ்வாயும் போதும். ஆனாலும் புதன் என்றே சொல்ல வேண்டும்; பிள்ளைக்குக் காய்ச்சல் நீடிக்கவும் கூடும்.

“அண்ணன், குறை நினைக்காதேங்கோ. பிள்ளைக்குச் சுகமில்லை. 120 கிடுகு இருக்கு, மிச்சம் புதன் பின்னேரம்தான் தர ஏலும். இருக்கிறதை ஞாயிறு கொண்டுவரட்டா, எல்லாத்தையும் சேர்த்துத் தரட்டா? அவசரமெண்டால் 120ஐ மட்டும் எடுங்கோ, மிச்சத்துக்கு வேற இடம் பாருங்கோ.” இதில் நாளை நாம் சொல்கிறோம், தெரிவை அவரிடம் விடுகிறோம். ‘பார்ப்பம்’, ‘ரெண்டு மூண்டு நாளில’ என்பவைதான் சண்டையில் முடிபவை. அவர் இரண்டை எண்ணுவார், நாம் மூன்றை எண்ணுவோம்.

வடக்கில் ஒத்த வயதினருக்குள் வழங்கும் ‘நீர், வாரும்’ என்பதை இந்த இருவரிடமும் தவிர்த்து ‘நீங்கள், வாங்கோ’ என்றே பேசுவது நல்லது, அவர்கள் வயதில் இளையவர்களானாலும்.

புதன்கிழமையும் தவறுமானால் ஆள் அனுப்பிச் சொல்லக்கூடாது. பின்னிய கிடுகை ஏற்றிக்கொண்டு நாமே போக வேண்டும்.