எது சைஸ், எது பீஸ்?

குண்டடத்திலிருந்து திருப்பூருக்கு இப்படி ஒரு பனியன் ஆர்டர் மெசேஜ் போகிறது என வைத்துக்கொள்வோம்:

85 90 90 40 95 30 அனுப்ப வேண்டாம் சனிக்கிழமை நேரில் வர்றேனுங்க

இரண்டு 90-இல் எது சைஸ், எது பீஸ்? சனிக்கிழமை அனுப்ப வேண்டாமா, சனிக்கிழமை வருகிறாரா? படிப்பவர் போன் போட்டுத்தான் கேட்கணும். அதையே இப்படிப் பிரிக்கலாம்:

85 சைஸ்: 90 பீஸ்
90 சைஸ்: 40 பீஸ்
95 சைஸ்: 30 பீஸ்

அனுப்ப வேண்டாம்.
சனிக்கிழமை நேரில் வர்றேனுங்க.

நடுவில் சிறு கோடு வேண்டாம். 85-90 என்றால் "85 முதல் 90 வரை" என்றும் படிப்பார்கள். ஒரு வெற்று வரி விட்டதால் கணக்கு தனி, சேதி தனி.

ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப்பில் Enter தட்டியதுமே மெசேஜ் போய்விடுகிறதா? Settings, Chats-இல் Enter is send-ஐ ஆஃப் பண்ணுங்க. அப்புறம் அதே கீ அடுத்த வரிக்குப் போகும்.