சைட் நோட்டீஸைப் படிப்போம்

பெங்களூரில் வீட்டு மனையை 'சைட்' என்பார்கள். ஓசூர் சாலையில் சந்தாபுரா, அத்திப்பள்ளி பக்கம் போனால் எங்கும் சைட் விற்பனை நோட்டீஸ்தான்.

அங்கே கட்டட வேலை செய்யும் ஓர் அக்காவிடம் தம்பி ஒரு நோட்டீஸைக் கொண்டு வந்தான். அக்கா எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"அப்ரூவ்டு லேஅவுட்! எல்லா வசதிகளும் உண்டு! மெட்ரோ அருகில்! இன்றே டோக்கன் போடுங்கள்!"

"அப்ரூவல் யாரு குடுத்தது தம்பி?" என்று கேட்டார் அக்கா.

"பேங்குல லோன் தர்றாங்களாம் அக்கா."

"பேங்க் கடன் தர்றது வேற. சர்க்கார் அனுமதி வேற. நம்பர் எங்கே?"

நோட்டீஸில் எந்த எண்ணும் இல்லை. அக்கா அதைக் கீழே போடவில்லை, மடித்துப் பெட்டிக்குள் வைத்தார். அதற்குக் காரணம் உண்டு. 2016-ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. அதை 'ரேரா' என்று சொல்கிறோம். நோட்டீஸில் உள்ள பொய்யை நம்பிப் பணம் கட்டி ஒருவர் நஷ்டப்பட்டால், அவர் நஷ்ட ஈடு கேட்கலாம். வேண்டாம் என்று விலகினால், கட்டிய பணத்தை வட்டியுடன் திரும்பக் கேட்கலாம். அப்போது நோட்டீஸ்தான் சாட்சி.

அதே சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. ரேராவில் பதிவு செய்த பிறகுதான் விளம்பரம் செய்யலாம். விளம்பரத்தில் பதிவு எண்ணும் ரேரா இணையதள முகவரியும் நன்றாகத் தெரிய வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்படாத சின்ன நிலத்துக்கு இந்தப் பதிவு தேவையில்லை.

கர்நாடகத்தில் பதிவு எண் பெரும்பாலும் PRM/KA/RERA/ என்று தொடங்கும். சிலர் ACK என்று தொடங்கும் எண்ணைப் போடுவார்கள். அது விண்ணப்பம் கொடுத்ததற்கான ரசீது எண். பதிவு இன்னும் கிடைக்கவில்லை என்று அர்த்தம். 'ரேரா அப்ளைடு' என்று போட்டாலும் அதே கதைதான்.

அடுத்த வாரம் இன்னொரு நோட்டீஸ் வந்தது. அதைப் படியுங்கள்.

"ஆனேக்கல் தாலுகாவில் புதிய மனைப்பிரிவு. விவசாய நிலத்தை வீட்டு மனையாக மாற்றிய உத்தரவு எண், தேதி கீழே உள்ளன. லேஅவுட் வரைபடத்துக்குத் திட்ட ஆணையம் அனுமதி தந்த எண், தேதியும் உள்ளன. ரேரா பதிவு எண் உள்ளது. rera.karnataka.gov.in தளத்தில் சரிபார்க்கலாம்.

தார் சாலை, சாக்கடை முடிந்தன. மின் கம்பம் நட்டுள்ளோம். மின்சாரம் இன்னும் வரவில்லை. போர்வெல் தண்ணீர் உண்டு. காவிரித் தண்ணீர் இல்லை. பூங்காவுக்கு இடம் விட்டுள்ளோம். செடி இன்னும் வைக்கவில்லை.

பொம்மசந்திரா மெட்ரோ நிலையம் சாலை வழியாக 9 கிலோமீட்டர்.

ஞாயிறு காலை 10 மணி முதல் இடத்தைப் பார்க்க வாருங்கள். வரைபட நகல் தருவோம். பணம் கொண்டு வர வேண்டாம்."

"இது இல்லை, அது இல்லைன்னு எழுதியிருக்கானே! இதுல யாரு வாங்குவா?" என்று தம்பி சிரித்தான்.

அக்கா சிரிக்கவில்லை. 'எல்லா வசதியும்' என்று எழுதினால், நாளைக்கு எதைக் காட்டிக் கேட்பது? 'போர்வெல் உண்டு' என்று எழுதினால், போர்வெல் எங்கே என்று கேட்கலாம். 'மெட்ரோ அருகில்' என்றால் அளக்க முடியாது. 9 கிலோமீட்டர் என்றால் அளக்கலாம்.

எண் அச்சடித்துவிட்டால் மட்டும் போதாது. இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பார்க்க வேண்டும். அதே ஊர், அதே சர்வே எண், அதே பெயர் வருகிறதா? வேறொரு லேஅவுட்டின் எண்ணைப் போட்டிருந்தால் அங்கே தெரிந்துவிடும். அக்காவின் பக்கத்து வீட்டுப் பெண் செல்போனில் பார்த்துச் சொன்னாள். எல்லாம் ஒத்து வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வேலை செய்யும் டேப்பை எடுத்துப் போனார். வரைபடத்தில் சாலை 30 அடி. தரையிலும் 30 அடி இருந்தது. பிறகு பூங்கா இடத்தைத் தேடிப் போனார். அங்கே மனைக் கற்கள் நட்டிருந்தால் பூங்காவையும் விற்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். கற்கள் இல்லை.

30-க்கு 40 அடி சைட், 1,200 சதுர அடி. சதுர அடி 2,500 ரூபாய். மொத்தம் 30 லட்சம். எழுத்து மூலமான ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்வதற்கு முன், பத்தில் ஒரு பங்குக்கு மேல் வாங்கக் கூடாது என்பது சட்டம். இங்கே அது 3 லட்சம். அக்கா அன்று ஒரு ரூபாயும் கொடுக்கவில்லை. நிலம் யாருடையது, அதன் மேல் கடன் உண்டா என்பதை ரேரா எண் மட்டும் சொல்லிவிடாது. அதனால் பத்திர நகல்களையும் வில்லங்கச் சான்றையும் வாங்கிக்கொண்டு ஒரு வக்கீலிடம் போனார்.

பயிற்சி

கீழே உள்ள வரியைப் படியுங்கள்.

"அனுமதி பெற்ற மனை. நகருக்கு 15 நிமிடம். நீச்சல் குளம் வரும்."

இதில் எந்தெந்த எண்கள் இல்லை? நீச்சல் குளம் எப்போது வரும் என்று எழுதியிருக்கிறதா? அந்த மூன்று வாக்கியங்களையும் நீங்கள் திருத்தி எழுதுங்கள்.