வெட்டினது போக மிஞ்சுவது எது?

1/(n(n+2)) என்ற தொடரை n = 1 முதல் முடிவிலி வரை கூட்டச் சொன்னா, நம்மில் பலர் டக்குனு 1/2 என்று எழுதிடுவோம். சரியான விடை 3/4. தப்பு எங்க நடக்குதுன்னு பார்ப்போம்.

முதல்ல பகுதி பின்னமா பிரிக்கணும். 1/n − 1/(n+2) என்பதைச் சுருக்கினா 2/(n(n+2)) வரும். நமக்கு வேண்டியது அதில் பாதி. ஆகவே:

```
1/(n(n+2)) = (1/2) [ 1/n − 1/(n+2) ]
```

இப்போ நேரா முடிவிலிக்குத் தாவக் கூடாது. 1/n தொடரைத் தனியா கூட்டினா அது விரிஞ்சுகிட்டே போகும். 1/(n+2) தொடரும் அப்படித்தான். முடிவிலியிலிருந்து முடிவிலியைக் கழிச்சா ஒரு விடையும் கிடைக்காது. அதனால முதல் N உறுப்புகளின் கூட்டுத்தொகை S_N-ஐ எழுதுவோம். அடைப்புக்குள் இருப்பவை:

```
(1 − 1/3) + (1/2 − 1/4) + (1/3 − 1/5) + (1/4 − 1/6) + ...
```

முதல் அடைப்பில் உள்ள −1/3, மூணாவது அடைப்பில் உள்ள 1/3-ஐ வெட்டுது. அதாவது, பக்கத்து வீட்டோட இல்ல, ஒரு வீடு தள்ளித்தான் வெட்டு விழுது. அதனால தொடக்கத்தில் 1, 1/2 என ரெண்டு உறுப்பு மிஞ்சும். கடைசியிலும் ரெண்டு மிஞ்சும். 1/2-ஐ மறந்து 1 மட்டும் மிஞ்சுதுன்னு நினைச்சாத்தான் அந்தத் தப்பான விடை வருது.

```
S_N = (1/2) [ 1 + 1/2 − 1/(N+1) − 1/(N+2) ]
```

N பெரிசாக ஆக, கடைசி ரெண்டும் பூஜ்ஜியத்தை நெருங்கும். மிஞ்சுவது (1/2)(3/2) = 3/4.

சரிபார்க்க, முதல் மூணு உறுப்பைக் கூட்டுங்க: 1/3 + 1/8 + 1/15 = 0.525. எல்லா உறுப்பும் நேர்மறை என்பதால் கூட்டல் இனி ஏறத்தான் செய்யும். மூணாவது உறுப்பிலேயே 0.5-ஐத் தாண்டியாச்சு; அப்போ 1/2 விடையாக இருக்கவே முடியாது.

பெருக்குத் தொடரின் சூத்திரமும் இதே வெட்டில்தான் பிறக்குது. முதல் உறுப்பு a, பொது விகிதம் r (r ≠ 1) என்றால், S_N-லிருந்து r·S_N-ஐக் கழிச்சுப் பாருங்க. நடுவில் இருப்பதெல்லாம் போய், இது மட்டும் நிக்கும்:

```
S_N (1 − r) = a − a r^N
```

|r| < 1 என்றால் r^N பூஜ்ஜியத்தை நெருங்கும். கூட்டுத்தொகை a/(1 − r). இந்த நிபந்தனையை மறந்து 1 + 2 + 4 + ... தொடரில் சூத்திரத்தைப் போட்டா −1 வரும். நேர்மறை எண்களைக் கூட்டி எதிர்மறை வராது இல்லையா?

இங்கேயும் தொடக்கத்தைக் கவனிக்கணும். 3/4^n தொடரை n = 2-லிருந்து கூட்டச் சொன்னா, a என்பது 3 இல்ல, 3/16. விடை (3/16)/(3/4) = 1/4. a = 3 என்று போட்டா 4 வந்துடும்.

ரெண்டு வகையிலும் முதல் நாலஞ்சு உறுப்பை விரிச்சு எழுதி, S_N கண்டுபிடிச்ச பிறகுதான் முடிவிலிக்குப் போகணும்.