அரிதாரம் எத்தனை மணிக்கு? சாரல் விழா மேடைக்கு ஒரு நேரக்கணக்கு

குற்றாலம் சாரல் விழாவில் 'குற்றாலக் குறவஞ்சி'யை நாட்டிய நாடகமாகப் போட உங்கள் குழுவுக்கு 40 நிமிடம் கிடைத்திருக்கிறது, மேடையேற வேண்டியது மாலை 6:30 என்று வைத்துக்கொள்வோம். திரிகூடராசப்பக் கவிராயரின் சொந்த ஊரான மேலகரத்துக்குப் பக்கத்திலேயே அவருடைய நாடகம். பார்வையாளர்களில் பாதிப் பேருக்குக் கதை தெரியும். தவறினால் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஒத்திகையில் முதல் வேலை வெட்டுவது. முழு நூலும் 40 நிமிடத்தில் அடங்காது. வசந்தவல்லியின் பந்தாட்டம், சிங்கி குறி சொல்லும் இடம், சிங்கனும் நூவனும் வரும் கடைசிப் பகுதி ஆகியவற்றை வைத்துக்கொண்டு மற்றதைப் பாடகர் இரண்டு வரியில் சொல்லிக் கடக்கலாம். பாட்டை வெட்டி முடிக்காமல் ஆட்டத்தைத் தொடங்கினால், பத்து நாள் ஆடிப் பழகிய அடவைப் பதினோராம் நாள் தூக்கி எறிய நேரும். கடைசி இரண்டு ஒத்திகைகள் முழு உடையில், சலங்கையோடு, நிகழ்ச்சி நடக்கும் அதே மாலை வேளையில் நடக்க வேண்டும். சிங்கியின் கூடை எந்தப் பக்கம் இடிக்கிறது, பந்து எங்கே உருண்டு போகிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

இனி நிகழ்ச்சி நாள். மேடையில் பத்துப் பேர்: வசந்தவல்லி, ஐந்து தோழியர், சிங்கி, கட்டியக்காரன், சிங்கன், நூவன். மேக்கப்காரர் இரண்டு பேர், தலை பின்ன ஒருவர். பெண்களுக்கு முகத்துக்கு 30 நிமிடம், ஆண்களுக்கு 20. கூட்டினால் 270 நிமிடம், இரண்டு பேருக்குப் பங்கிட்டால் 135. ஆறு மணிக்கு எல்லாரும் மேடை ஓரத்தில் நிற்க வேண்டும். உடையும் நகையும் அணிய அதற்கு முன் 40 நிமிடமாவது வேண்டும். அப்படியானால் முகவேலை 5:20க்குள் முடிய வேண்டும். மூன்று மணிக்குத் தொடங்கினால் சரியாக இருக்கும்.

பலர் தடுமாறுவது முகத்தில் அல்ல, தலையில். சவுரி வைத்துப் பின்னி, ராக்கொடியும் பிறைகளும் குத்த ஒருவருக்கு 20 நிமிடம் ஆகும். பின்னுபவரோ ஒருவர்தான். அதையும் மூன்று மணிக்கே ஆரம்பித்தால் மேக்கப்காரர் சும்மா உட்கார்ந்திருப்பார். தலை இரண்டு மணிக்குத் தொடங்கட்டும். மூன்று மணிக்கு ஒரு மேக்கப்காரர் கட்டியக்காரனை எடுத்துக்கொள்வார், மற்றவர் முதலில் பின்னி முடித்த தோழியை. பிறகு மேடையில் நுழையும் வரிசையிலேயே முகங்கள் போகட்டும். பின்பாதியில் வரும் சிங்கியும் சிங்கனும் நூவனும் கடைசி. ஆனால் "அவர்களைத் திரை ஏறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விடாதீர்கள். முன்னால் இருக்கும் குழு வரத் தாமதமானால் உங்களை முன்கூட்டியே அழைப்பார்கள்.

ஆல்தா எல்லாவற்றுக்கும் முந்தியது. குற்றாலத்துச் சாரலில் அது சீக்கிரம் காயாது. அறைக்கு வந்ததும், 1:30க்கே, வைத்துவிட்டால் சேலை பிழைக்கும்.

தென்காசியிலேயே மேக்கப் போட்டு வேனில் வரலாமே என்பார்கள். தூரம் என்னவோ ஐந்து கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் சீசன் சனி, ஞாயிறு மாலைகளில் அந்தச் சாலையை நம்பி முகத்தில் பான்கேக் பூசக் கூடாது. தென்காசியில் சாப்பிட்டு 12:45க்குக் கிளம்பி, அரங்கத்துக்கு அருகே அறை எடுங்கள். சீசன் வாடகை கடிக்கும்தான். என் கணக்கில் அது வீண்செலவு அல்ல.

குழுத் தலைவர் கண்டிப்பு காட்ட வேண்டிய இடம் ஒன்று உண்டு. குற்றாலம் வந்தவர்களுக்கு எண்ணெய் தேய்த்து அருவியில் நிற்கக் கை துறுதுறுக்கும். எண்ணெய் ஊறிய தோலில் பான்கேக் ஒட்டாது. அரை மணியில் மூக்கோரம் வரி விடும். ஈரத் தலையில் சவுரி நழுவும். நிகழ்ச்சிக்கு முன் அருவி கிடையாது என்று முதல்நாளே சொல்லிவிடுங்கள்.

விருந்தினர் உரை நீண்டு மேடை தள்ளிப்போனால் சலங்கையையும் ஒட்டியாணத்தையும் கட்டாமல் காத்திருங்கள். வியர்வையைத் துடைக்காமல் மெல்லிய துணியால் ஒற்றி, மேலே பவுடர் தட்டினால் போதும். தண்ணீர் ஸ்ட்ராவில்.

நிகழ்ச்சி முடிந்ததும் பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டு அரிதாரத்தை அறையிலேயே கலையுங்கள், சோப்புப் போட்டு முகமும் கழுவிவிடுங்கள். அருவியில் சோப்பும் எண்ணெயும் பயன்படுத்தத் தடை இருக்கிறது.