பில் மென்பொருள் மாறும்போது கிடங்குக்கு எழுதும் குறிப்பு

ஒபர்வில்லியேயில் இருந்து லா சப்பல் கடைகளுக்கு அரிசியும் மாவும் அனுப்பும் ஒரு மொத்தக் கிடங்கை எடுத்துக்கொள்வோம். பில் போடுவதும் கடன் கணக்கும் அவர்களுக்கென்றே எழுதப்பட்ட ஒரு மென்பொருளில் நடக்கின்றன. பிரான்சின் மின்பில் சட்டத்துக்காக அது இப்போது பெரிதாக மாறுகிறது. வற் வரிக்குள் வரும் எல்லா நிறுவனங்களும் 2026 செப்டம்பர் 1 முதல் மின்பில்லைப் பெறத் தயாராக இருக்க வேண்டும். சிறு நிறுவனங்கள் அனுப்பத் தொடங்க வேண்டிய நாள் 2027 செப்டம்பர் 1.

மென்பொருள் எழுதியவர் நாற்பது வரியில் ஒரு மாற்றப் பட்டியல் தருவார். அதை அப்படியே தமிழாக்கி வாட்ஸ்அப்பில் போட்டால் யாரும் வாசிக்கமாட்டார்கள். முதலில் பேனாவை எடுத்து ஒவ்வொரு வரிக்கும் எதிரே, இது யாருடைய வேலையை மாற்றுகிறது என்று எழுதுங்கள்: பில் போடுபவர், வான் ஓட்டுபவர், கணக்குப் பார்ப்பவர். பெயர் வராத வரிகளை வெட்டிவிடுங்கள். தரவுத்தளம் வேகமானதும் உள்ளே பிழை திருத்தியதும் இப்படியே போய்விடும். நாலைந்து வரிகள்தான் மிஞ்சும்.

மிஞ்சியதில், ஆட்களிடம் முன்கூட்டியே வேலை கேட்கும் வரி எது என்று பாருங்கள். இங்கே அது சிரேன் எண். வாங்கும் கடையின் ஒன்பது இலக்க சிரேன் இல்லாவிட்டால் புதிய பதிப்பு பில்லை ஏற்காது. இதை மாற்றம் நடக்கும் திங்கட்கிழமை அறிவித்தால், வானில் சாமான் ஏறிய பிறகு பில் நின்றுவிடும். ஆகவே இது தனிக் குறிப்பாக, மூன்று வாரம் முன்னதாக, வான் ஓட்டுபவர்களுக்குப் போக வேண்டும்:

> இந்த மாதம் போகும் ஒவ்வொரு கடையிலும் சிரேன் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். 14 இலக்க சிரேட் எண் தந்தால் அதன் முதல் 9 இலக்கம் போதும். ஒரே நிறுவனத்துக்கு இரண்டு கடை இருந்தால் சிரேன் ஒன்றுதான். தவறு என்று நினைக்க வேண்டாம்.

கடைசி வாக்கியம் முக்கியம். இரண்டு கடைக்கும் ஒரே எண் வந்தால், கவனமான ஆள்தான் அதைப் பிழையென்று நினைத்துத் திருத்தப் பார்ப்பார்.

அடுத்தது, பழகிய கை தேடி ஏமாறும் இடம். இதுவரை, 12 மூட்டை அரிசியை 21 என்று அடித்துவிட்டால் பில்லைத் திறந்து `Supprimer` அழுத்தி, புதிதாகப் போட்டார்கள். இனி உறுதி செய்த பில்லில் அந்தப் பொத்தான் இருக்காது. பட்டியலில் இது “உறுதி செய்த ஆவணங்களின் மாற்றமின்மை” என்று இருக்கும். குறிப்பில் இப்படி வர வேண்டும்:

> `Valider` அழுத்திய பில்லை இனி அழிக்க முடியாது. பில் எண்கள் இடைவெளி இல்லாமல் தொடர வேண்டும் என்பது சட்டம்.
> பிழை இருந்தால்: பில்லைத் திறந்து `Créer un avoir` அழுத்துங்கள். முழுத் தொகைக்கும் அவுவார் வரும். பிறகு சரியான புதுப் பில் போடுங்கள். இரண்டையும் கடைக்காரரிடம் கொடுங்கள்.
> `Brouillon` என்று இருக்கும்வரை எதையும் மாற்றலாம். மூட்டை எண்ணிக்கையை `Valider` அழுத்துமுன் பாருங்கள்.

பொத்தான் பெயர்களைத் தமிழாக்காதீர்கள். திரையில் பிரெஞ்சில் இருப்பதைத்தான் கண் தேடும். காரணத்துக்கு ஒரு வரி போதும், ஆனால் அதை விட்டுவிடாதீர்கள். காரணம் தெரியாதவர், பொத்தான் பழுதாகிவிட்டது என்று போன் எடுப்பார்.

புதிய வசதிகளை இதற்குக் கீழே இரண்டொரு வரியில் சொன்னால் போதும். அடியில், பழைய பதிப்பு மூடும் நேரம், அதில் பாதியில் நிற்கும் பில்கள் என்னவாகும், சிக்கினால் யாருக்கு அழைப்பது என்று எழுதுங்கள். பாதியில் நின்றவை புதியதற்கு வராது என்றால், “சனி மாலைக்குள் முடித்துவிடுங்கள்” என்று சொல்லியே ஆக வேண்டும். எல்லாம் ஒரு பக்கத்தில் அடங்கட்டும், பில் மேசைக்கு மேலே ஒட்டலாம்.

ஒட்டுமுன் சோதியுங்கள். பில் போடும் ஒருவரைச் சோதனைப் பதிப்பின் முன் இருத்தி, தாளைக் கையில் கொடுத்து, “அக்கா, இந்தப் பில்லில மூட்டைக் கணக்குப் பிழை, திருத்துங்கோ” என்று மட்டும் சொல்லுங்கள். விளக்கம் சொல்லாமல் பக்கத்தில் நில்லுங்கள். விளங்குதா என்று கேட்டால் எல்லாரும் ஓம் என்பார்கள். கை எங்கே நிற்கிறது என்பதுதான் உண்மையைச் சொல்லும். அவுவார் போட்டதோடு வேலை முடிந்தது என்று அவர் எழுந்தால், “பிறகு புதுப் பில்” என்ற வரியைத் தனி எண் போட்டுப் பிரித்துவிடுங்கள். இரண்டு பேர் ஒரே இடத்தில் தாளை விட்டுவிட்டுத் திரையில் தேடினால், குறை திரையில் இருக்கலாம்; அதைக் குறிப்பால் மறைக்கப் பார்க்காமல் மென்பொருள் எழுதியவரிடம் கொண்டுபோங்கள்.

முதல் வாரம் வரும் போன் கேள்விகளைக் கேட்டவரின் சொல்லிலேயே எழுதிவையுங்கள். ஒரே கேள்வி மூன்றாம் முறை வந்தால் அந்த வரியைத் திருத்தி, மேலே புதுத் தேதி போட்டு, பழைய தாளைக் கழற்றிவிட்டு ஒட்டுங்கள்.