மூட்டுவலிக் கைகளுக்கு ஏற்ற அலமாரிக் கைப்பிடி



கோவளத்தில் தனியாக வசிக்கும் மூதாட்டி ஒருவருக்கு மாத உதவித்தொகை கொடுக்கப் போனபோது, அவருடைய சமையலறையில் ஒன்றைக் கவனித்தோம். அலமாரிக் கதவின் குமிழ் ஒவ்வொன்றிலும் பழைய துப்பட்டித் துணியைக் கிழித்து வளையமாகக் கட்டியிருந்தார். "என்ன நன்னி இது?" என்று கேட்டோம். "விரலால பிடிக்க முடியல தம்பி. கையை உள்ள விட்டு இழுத்துக்குவேன்" என்றார். மருந்து இருந்த அலமாரியில் மட்டும் வளையம் இல்லை. அந்தத் துணி அறுந்து பத்து நாளாகிவிட்டதாம். பக்கத்து வீட்டுப் பிள்ளை காலையில் வந்து திறந்துவிட்டுப் போகும். இரவு மாத்திரைக்குத் திறக்க ஆளில்லை. அதனால் பத்து நாளும் இரவு மாத்திரையை அவர் சாப்பிடவே இல்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

அந்த வீட்டில் கைப்பிடிகளை மாற்றிக் கொடுத்தோம். அதில் ஒரு தவறும் செய்தோம், சில விஷயங்களைக் கற்றும் கொண்டோம். மூட்டுவலி உள்ள பெரியவர்கள் நம் வீடுகள் பலவற்றில் இருப்பதால் அதை இங்கே எழுதுகிறோம்.

குமிழ் ஏன் வலிக்கிறது?

சிறிய உருண்டைக் குமிழை இழுக்க வேண்டுமென்றால் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து அதைக் கிள்ளிப் பிடிக்க வேண்டும். அப்படிக் கிள்ளும்போது விரல் நுனியில் கொடுக்கும் விசை, கட்டை விரலின் அடிமூட்டில் பல மடங்காகச் சேர்கிறது. வயதானவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, அதிகம் தேய்வது அந்த மூட்டுதான். ஆகவே குமிழ் எவ்வளவு வழவழப்பாக, அழகாக இருந்தாலும் அந்தக் கைக்கு அது வலி தரும்.

நான்கு விரல்களையும் கொக்கி போல வளைத்து ஒரு கம்பியில் மாட்டி இழுத்தால் கட்டை விரலுக்கு வேலையே இல்லை. பாரம் நான்கு விரல்களிலும் பரவி முழங்கைக்கும் தோளுக்கும் போய்விடுகிறது. நன்னியின் துணி வளையம் செய்ததும் இதைத்தான். யாரும் சொல்லிக் கொடுக்காமலே அவர் சரியான வழியைக் கண்டுபிடித்திருந்தார்.

அமெரிக்காவில் பொதுக் கட்டடங்களுக்கான ஊனமுற்றோர் வசதி விதி இதையே சொல்கிறது. கைப்பிடியை ஒரு கையால் இயக்க முடிய வேண்டும். இறுகப் பிடிக்கவோ, கிள்ளவோ, மணிக்கட்டைத் திருகவோ தேவைப்படக் கூடாது. இழுக்கும் விசை ஏறத்தாழ இரண்டேகால் கிலோவைத் தாண்டக் கூடாது. இது வீடுகளுக்குப் போட்ட விதி அல்ல என்றாலும் நமக்கு நல்ல அளவுகோல். கடையில் இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. கையை முஷ்டியாக மூடிக்கொண்டு அந்தக் கைப்பிடியை இழுத்துப் பாருங்கள். முஷ்டியாலோ மணிக்கட்டாலோ இழுக்க முடிந்தால் அது ஏற்றது.

முதலில் கதவைச் சோதியுங்கள்

கைப்பிடி வாங்குமுன் கதவே இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பயணப் பெட்டியை எடை பார்க்கும் கொக்கித் தராசு ஒன்றை நன்னியின் குமிழில் மாட்டி மெதுவாக இழுத்தோம். மருந்து அலமாரி திறக்க மூன்று கிலோ விசை தேவைப்பட்டது. கரண்டி வைக்கும் டிராயருக்கு நான்கு கிலோ. கைப்பிடியை மட்டும் மாற்றியிருந்தால் பாதிப் பயன்தான் கிடைத்திருக்கும்.

மருந்து அலமாரியில் கதவை மூடி வைக்கும் காந்தம் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு இருந்தது. ஒன்றைக் கழற்றினோம். கடற்கரை ஈரத்தில் ப்ளைவுட் ஊதிக் கதவின் அடி விளிம்பு உரசிக்கொண்டிருந்தது. தச்சர் அந்த விளிம்பை இழைத்து, வெட்டுப்பட்ட இடத்தில் பெயின்ட் அடித்தார். பெயின்ட் அடிக்காமல் விட்டால் அடுத்த மழைக்காலத்தில் அதே இடம் மீண்டும் ஊதும். டிராயரின் சேனல் துருப்பிடித்திருந்ததால் குண்டு பேரிங் உள்ள புதிய சேனல் போட்டோம். மறுபடி தராசை மாட்டியபோது இரண்டுமே ஒன்றரைக் கிலோவுக்குள் வந்துவிட்டன.

என்ன அளவில் வாங்குவது?

கைப்பிடியின் அளவைக் கடைக்காரர்கள் இரண்டு திருகு ஓட்டைகளுக்கு இடையிலான தூரமாகச் சொல்வார்கள். 96, 128, 160 மில்லிமீட்டர் என்று வரும். 96 அளவில் வீங்கிய முட்டிகளோடு நான்கு விரல்கள் நுழைவது சிரமம். 128 பெரும்பாலான பெண்களின் கைக்குப் போதும். கை பெரிதாக இருந்தால் 160 வாங்கலாம்.

நீளத்தைவிட முக்கியமானது கதவுக்கும் கம்பிக்கும் நடுவே உள்ள இடைவெளி. பார்க்க அழகான பல கைப்பிடிகளில் இது 25 மில்லிமீட்டர்கூட இருக்காது. வீங்கிய விரல் உள்ளே போனாலும் திரும்பி வரும்போது முட்டி கதவில் இடிக்கும். 35 முதல் 40 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். கம்பி உருண்டையாகவோ விளிம்பு மழுங்கியதாகவோ இருக்க வேண்டும். தகடு போன்ற மெல்லிய பட்டை விரலில் அழுந்தி வலிக்கும்.

வடிவத்தில், இரு முனைகளும் வளைந்து கதவோடு சேரும் 'டி' எழுத்து வடிவம் நல்லது. இரு பக்கமும் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் வகையில் சட்டைக் கையும் துப்பட்டியும் மாட்டிக்கொள்ளும். தடுமாற்றம் உள்ளவர்களை அது இழுத்து விழவும் வைக்கலாம்.

நாங்கள் செய்த தவறு இங்கேதான். அரைக் கிண்ணம் போல மூடியிருக்கும் கைப்பிடி ஒன்று பிடிக்க வாகாக இருக்கிறதென்று நினைத்து, நன்னியைக் கேட்காமலே மூன்று டிராயர்களுக்கும் வாங்கிவிட்டோம். எங்கள் விரல்கள் அதற்குள் எளிதாகப் போயின. அவருடைய விரல்கள் முதல் முட்டிக்கு மேல் போகவில்லை. மூன்றும் வீணாயின. அதன்பின் ஒரே ஒரு 'டி' கைப்பிடி வாங்கி, அவர் அதிகம் திறக்கும் டிராயரில் பொருத்தி ஒரு வாரம் விட்டோம். காலையில் எழுந்ததும் கை மரத்திருக்கும் நேரத்திலும் திறக்க முடிந்தது என்று அவர் சொன்ன பிறகே மீதியை வாங்கினோம். நீங்களும் ஒன்றை வாங்கிப் பார்த்துவிட்டு மற்றதை வாங்குங்கள். சோதிக்க வேண்டியது வலி உள்ளவரின் கை.

எங்கே, எப்படிப் பொருத்துவது?

கதவுக்குக் கைப்பிடியைக் கீலுக்கு எதிர்ப்புற விளிம்பருகே செங்குத்தாகப் பொருத்துங்கள். கதவின் நடுவில் வைத்தால் இழுக்க இரு மடங்கு விசை வேண்டும். கீழ் அலமாரிக் கதவில் மேல் பகுதியிலும், சுவரின் மேல் அலமாரியில் அடிப் பகுதியிலும் இருந்தால் குனியவோ எக்கவோ வேண்டாம். டிராயருக்குப் படுக்கை வாட்டில் நடுவே ஒன்று போதும். அகலமான டிராயருக்கு இரண்டு சிறிய கைப்பிடிகள் வைப்பதைவிட நீளமான ஒன்று நல்லது. இரண்டு இருந்தால், ஒரு கையால் ஒரு பக்கம் மட்டும் இழுக்கும்போது டிராயர் கோணிக்கொண்டு சிக்கும்.

பழைய குமிழின் ஓட்டையையே புதிய கைப்பிடியின் ஒரு முனைக்குப் பயன்படுத்தினால், கதவுக்கு ஒரு ஓட்டை மட்டும் புதிதாகப் போட்டால் போதும். அட்டையில் அளவு வெட்டி வைத்துக்கொண்டால் எல்லாக் கதவிலும் ஒரே மாதிரி வரும். திருகின் நீளத்தையும் கவனியுங்கள். அது கதவின் கனத்தைவிட ஆறேழு மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தால் போதும். அதற்கு மேல் நீண்டால் கைப்பிடிக்குள் முட்டி நின்றுவிடும். எவ்வளவு இறுக்கினாலும் கைப்பிடி ஆடிக்கொண்டே இருக்கும்.

கடற்கரை வீடுகளுக்கு

செங்கல்பட்டு நகரில் பல வருடம் தாங்கும் கைப்பிடி, கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் உப்புக்காற்றில் சீக்கிரமே கெட்டுவிடும். துத்தநாக வார்ப்பின் மேல் குரோம் முலாம் பூசிய மலிவு வகையில் முதலில் சிறு புள்ளிகள் தோன்றும், பிறகு முலாம் கொப்பளித்து உரியும். அந்த உரிந்த விளிம்பு கத்தி போன்றது. முதியவர்களின் மெல்லிய தோலை எளிதில் கிழித்துவிடும். சர்க்கரை நோயாளிக்கு அது சிறு காயமாக நிற்காது.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் 304 ரகம் கேளுங்கள். காந்தம் வைத்துப் பார்த்து வாங்குவது பயன் தராது. 202 என்ற மலிவு ரகத்திலும் காந்தம் ஒட்டாது, துத்தநாக வார்ப்பிலும் ஒட்டாது. ரகம் பில்லில் எழுதி வரட்டும். 304 கூடக் கடலோரத்தில் பழுப்புக் கறை பிடிக்கும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீர்த் துணியால் துடைத்து உலரத் துடைத்தால் போதும். திருகும் ஸ்டெயின்லெஸ் ஆக இருக்கட்டும், ஏனெனில் கைப்பிடியோடு வரும் இரும்புத் திருகுதான் முதலில் துருப்பிடிக்கும். வார்னிஷ் பூசிய மரக் கைப்பிடியும் கடற்கரைக்கு ஏற்றதே. கைக்கு வழுக்காது.

இரண்டு எச்சரிக்கைகள்

பெரியவருக்கு எளிதாகத் திறக்கும் கதவு குழந்தைக்கும் எளிதாகத் திறக்கும். பேரப்பிள்ளைகள் வந்துபோகும் வீட்டில் மருந்தையும் ஆசிட், பினாயிலையும் கீழ் அலமாரியில் வைக்காதீர்கள். நன்னியின் மாத்திரைகளை அவருடைய தோள் உயரத்தில் உள்ள அலமாரிக்கு மாற்றினோம். இரண்டு வயதுக் குழந்தைக்கு அது எட்டாது.

இன்னொன்று, கைப்பிடி வலியைக் குறைக்குமே தவிர நோயைக் குணமாக்காது. விரல் மூட்டுகள் வீங்கி, காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு இருந்தால் அதை வயதின் மேல் போட்டுவிடாதீர்கள். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ உங்கள் மருத்துவரிடமோ காட்டுங்கள். சில மூட்டு நோய்களில் தொடக்கத்திலேயே மருந்து எடுத்தால் விரல்கள் கோணாமல் தடுக்க முடியும்.

வாடகை வீட்டில் ஓட்டை போட அனுமதி இல்லாதவர்கள் நன்னியின் வழியையே பின்பற்றலாம். பையின் காது போல இரண்டு விரல் அகலமுள்ள கெட்டியான நாடாவை, மணிக்கட்டு நுழையும் அளவு வளையமாகக் குமிழில் கட்டுங்கள். மெல்லிய கயிறு வேண்டாம், கையை அறுக்கும். வாரம் ஒருமுறை முடிச்சைப் பாருங்கள். அறுந்தால் என்ன ஆகும் என்பதை மேலே படித்தீர்கள்.

128, 160 அளவுகளில் நான்கு மாதிரிக் கைப்பிடிகளை ஒரு பலகையில் பொருத்தி அறக்கட்டளை அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். கொக்கித் தராசும் இருக்கிறது. ஜுமுஆ முடிந்து வீட்டுப் பெரியவர்களை அழைத்து வந்து இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தராசை இரண்டு நாள் வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம்.